அம்மா போட்டதும் செய்தி வர வேண்டும்: ஸ்மார்ட் தொலைக்காட்சியின் முகப்பும் எழுத்தும்

கேள்வி: நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 76 வயது, அப்பாவுக்கு 81. திருகோணமலை உவர்மலையில் தனியாக இருக்கிறார்கள். போன தடவை 43 அங்குல கூகுள் டிவி ஒன்று வாங்கி வைத்துவிட்டு வந்தேன். போட்டால் ஏதேதோ படங்கள் வருகின்றன, செய்தியைக் காணவில்லை, எழுத்தும் தெரியவில்லை என்கிறார்கள். முகப்பை எளிமையாக்கி எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி? அடுத்த மாதம் இரண்டு நாள்தான் ஊரில் நிற்பேன்.

பதில்:

அமைப்புகளுக்குள் போவதற்கு முன் அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள். அவர் "செய்தி" என்று சொல்வது எதன் வழியாக வருகிறது? டிஷ் அல்லது கேபிள் டிகோடர் வழியாக என்றால், அவருக்குத் தேவையான நிகழ்ச்சி கூகுளின் முகப்புத் திரையில் இல்லவே இல்லை. அது HDMI வாயில் செருகிய இன்னொரு பெட்டியிலிருந்து வருகிறது. பழைய தொலைக்காட்சியில் போட்டதும் அலைவரிசை வந்தது. இப்போது நடுவில் ஒரு கடைத்தெரு வந்து நிற்கிறது. கடைத்தெருவை அழகுபடுத்துவதற்கு முன், அதற்குள் போகாமலே அவர் வீடு சேர வழி பார்க்க வேண்டும்.

உப்புவெளியில் என் பெரியம்மா வீட்டிலும் இதே கதைதான். அவருக்கு 79 வயது, உங்களுடையதைப் போன்ற 43 அங்குலத் தொலைக்காட்சி. இரண்டு மாதமாக அதைப் போடாமல் பக்கத்து வீட்டில் போய்ச் செய்தி பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, "அது என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறது தம்பி, எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றார். அங்கே நான் செய்ததையே சொல்கிறேன். பொத்தான்களின் பெயரும் இடமும் தயாரிப்பாளரைப் பொறுத்துச் சற்று மாறலாம்.

முதல் வேலை, போட்டதும் எங்கே போய் நிற்பது என்பது. Settings திறந்து System, அதற்குள் Power & Energy. அங்கே Power on behavior என்ற வரி இருக்கும். முகப்புத் திரையா, கடைசியாகப் பார்த்த உள்ளீடா என்று அது கேட்கும். Last used input என்பதைத் தெரிவு செய்யுங்கள். இனி இரவு செய்தியோடு அணைத்தால் காலையில் செய்தியோடு விழிக்கும். முகப்பை அவர்கள் பார்க்க வேண்டிய தேவை இதோடு பாதிக்கு மேல் போய்விடும்.

இதற்குத் துணையாக HDMI-CEC என்ற ஒன்றும் உண்டு. டிகோடரைப் போட்டால் தொலைக்காட்சி தானாகவே அந்த வாய்க்குத் திரும்பும் ஏற்பாடு அது. Settings இல் உள்ளீடுகள் இருக்கும் பக்கத்தில் அதை இயக்கலாம். எல்லா டிகோடருக்கும் இது தெரியாது. சோதிப்பது சுலபம்: தொலைக்காட்சியை முகப்பில் நிறுத்திவிட்டு, டிகோடரை அதன் ரிமோட்டால் அணைத்துப் போடுங்கள். திரை தானாக மாறினால் வேலை செய்கிறது. இரண்டு மூன்று தடவை முயன்றும் மாறாவிட்டால் விட்டுவிடுங்கள், நேரம் வீண்.

இங்கே ஊர் விடயம் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் திருகோணமலையில் யாரும் ரிமோட்டால் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, செருகியைக் கழற்றி, டிஷ் கம்பியையும் பிடுங்கிப் போடுவார்கள். அது நல்ல பழக்கம்தான், அதைத் தடுக்காதீர்கள். ஆனால் மின்சாரம் முழுதாகப் போன பிறகு மீண்டும் போடும்போது தொலைக்காட்சி தூக்கத்திலிருந்து எழுவதில்லை, ஒரு கணினியைப் போல முதலிலிருந்து தொடங்குகிறது. சின்னம் வரும், கறுப்புத் திரை வரும், அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். சில பெட்டிகள் அப்படித் தொடங்கும்போது கடைசி உள்ளீட்டை மறந்து முகப்பில் போய் நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, எல்லாவற்றையும் அமைத்த பின் ஒரு தடவை சுவர் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். முகப்பில் நின்றால், ரிமோட்டில் உள்ளீட்டுப் பொத்தானை அழுத்தி HDMI 1 ஐத் தெரிவு செய்வதை அம்மாவுக்குப் பழக்கியே ஆக வேண்டும்.

பெரியம்மா வீட்டில் சிக்கல் இதையும் தாண்டியது. மின்னல் ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் வந்து எல்லாவற்றையும் திரும்பச் செருகிக் கொடுத்திருக்கிறான். HDMI 1 இல் இருந்த கம்பி HDMI 2 க்குப் போய்விட்டது. தொலைக்காட்சி தன் கடமை தவறாமல் காலியாக இருந்த HDMI 1 ஐக் காட்டி, சமிக்ஞை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பெரியம்மா பெட்டி பழுது என்று முடிவு கட்டிவிட்டார். இப்போது அந்தக் கம்பியின் தலையிலும் அது போக வேண்டிய வாயின் ஓரத்திலும் ஒரே நிறச் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன். சிவப்பைச் சிவப்பில் செருகச் சொன்னால் யாருக்கும் புரியும்.

அடுத்தது முகப்பு. யூடியூபில் கோயில் திருவிழாவோ பேரப்பிள்ளைகளின் காணொளியோ பார்க்க அவர்கள் எப்படியும் அங்கே வரத்தான் போகிறார்கள். Settings இல் Accounts & Sign-In போய், தொலைக்காட்சியில் இருக்கும் கணக்கைத் திறந்தால் Apps only mode என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை இயக்கினால் பரிந்துரைப் படங்களின் வரிசைகள் மறைந்து, செயலிகளின் வரிசை மட்டும் மிஞ்சும். சில பெட்டிகளில் மேலே ஒரு பெரிய விளம்பரப் படம் அப்போதும் இருக்கும். அதை முழுதாக ஒழிக்க வழி இல்லை. அதன் மேல் அழுத்தாமல் கீழே இறங்கப் பழக்குவதுதான் செய்யக்கூடியது.

இரண்டு விடயங்களைத் தெரிந்துகொண்டு இதை இயக்குங்கள். ஒன்று, இது கணக்குக்குரிய அமைப்பு. நீங்கள் அவசரத்தில் உங்கள் கணக்கையே போட்டுவிட்டு வந்திருந்தால், கொழும்பில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் வைத்து உவர்மலையில் பரிந்துரை வந்திருக்கும். அம்மா சொன்ன "ஏதேதோ படங்கள்" உங்களுடைய ரசனையாகவும் இருக்கலாம். அவர்களுக்கென்று ஒரு கணக்கைத் தொடங்கிச் சேர்த்து, அதில் இந்தச் சுவிட்சைப் போடுங்கள். மற்றது, இந்த நிலையில் ரிமோட்டின் குரல் உதவி வேலை செய்யாது. அப்பா ரிமோட்டிடம் பேசித் தேவாரம் தேடும் ஆளாக இருந்தால் அவருக்கு இது பெரிய இழப்பு. கண் மங்கியவருக்குக் குரல்தான் கை. அப்படியானால் பரிந்துரைகளைச் சகித்துக்கொண்டு Apps only mode ஐ விடுவதே நல்லது. பெரியம்மா ரிமோட்டுடன் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் எனக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை.

இன்னும் கடுமையான வழியும் இருக்கிறது. முழு மீளமைப்புச் செய்து, தொடக்கத்தில் கூகுள் டிவிக்குப் பதிலாக Basic TV என்பதைத் தெரிவு செய்தால், இணையமும் செயலிகளும் இல்லாத சாதாரணத் தொலைக்காட்சி ஆகிவிடும். டிகோடர் தவிர வேறொன்றும் பார்க்காதவர்களுக்கு இதைவிடச் சுகம் இல்லை. யூடியூப் போய்விடும் என்பதால் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

செயலிகளின் ஒழுங்குக்கு வருவோம். ஒரு செயலியின் மேல் நின்று OK பொத்தானை விடாமல் பிடித்தால் சிறிய பட்டியல் ஒன்று விரியும். அதில் Move ஐத் தெரிவு செய்து, இடது வலது அம்புகளால் நகர்த்தி, இடம் வந்ததும் OK அழுத்த வேண்டும். செய்கை இவ்வளவுதான். எதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கண் தெளிவில்லாதவர் சின்னத்தை வாசித்துத் தேடுவதில்லை, எண்ணிப் போகிறார். பெரியம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: கீழ் அம்பு ஒன்று, OK. திரையைப் பார்க்கவே இல்லை, ரிமோட்டைத்தான் பார்த்தார். ஆகவே அதிகம் பார்ப்பது வரிசையில் முதலாவதாக இருக்க வேண்டும், அடுத்தது இரண்டாவதாக. அதற்கு மேல் மூன்றோ நான்கோ போதும். மற்றவற்றை வரிசையிலிருந்து நீக்குங்கள். அதே சிறு பட்டியலில் நீக்குவதற்கான வரி இருக்கும். அது செயலியை அழிப்பதில்லை, முன்வரிசையிலிருந்து எடுக்கிறது, அவ்வளவே. Uninstall என்ற வரி வேறு, அதைத் தொடாதீர்கள். ஒருமுறை வைத்த ஒழுங்கைப் பிறகு மாற்றாமல் இருப்பதும் முக்கியம். இடத்தை மனப்பாடம் செய்தவருக்கு, நீங்கள் அழகுக்காக ஒரு சின்னத்தை நகர்த்துவது சமையலறையில் உப்பு டப்பாவை மாற்றி வைப்பது போல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செயலியை நகர்த்தும் அதே நீண்ட அழுத்தம்தான் வயதானவரின் சாதாரண அழுத்தம். விரல் மெதுவாக எழும்பும்போது தொலைக்காட்சி அதை "பிடித்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறது. சிறு பட்டியல் திறக்கிறது, அவர் குழம்பி மறுபடி OK அழுத்துகிறார், ஏதோ ஒன்று நடந்துவிடுகிறது. செயலி காணாமல் போனது, இடம் மாறியது என்று உங்களுக்கு அழைப்பு வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே அம்மாவுக்கு "அழுத்துங்கள்" என்று சொல்லாமல் "தட்டுங்கள்" என்று சொல்லுங்கள், கதவைத் தட்டுவது போல. தெரியாத பட்டியல் எது வந்தாலும் பின்செல்லும் பொத்தானை ஒருமுறை தட்டினால் போய்விடும் என்றும் பழக்குங்கள்.

ரிமோட்டிலேயே சில செயலிகளுக்குத் தனிப் பொத்தான் இருக்கும். இருட்டில் விரல் பட்டால் செய்தி போய் வேறெதுவோ வந்து நிற்கும். தேவையற்ற பொத்தான்களின் மேல் தடித்த அட்டைத் துண்டை வைத்து ஒட்டுநாடாவால் மூடினேன். அழகில்லைதான். பெரியம்மாவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

இனி எழுத்து. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் திரையில் தெரியும் எழுத்தெல்லாம் ஒரே கையெழுத்து அல்ல. Settings இல் System, அதற்குள் Accessibility, அங்கே Text scaling. புதிய பதிப்புகளில் இது இருக்கும், பழையவற்றில் இந்த வரியே இருக்காது. இதைக் கூட்டினால் தொலைக்காட்சியின் சொந்தப் பட்டியல்களும் முகப்பும் பெரிதாகும். அதே பக்கத்தில் High contrast text இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள், மங்கிய சாம்பல் எழுத்து தெளிவடையும். வசன வரிகளுக்கு Captions என்ற தனிப் பகுதி உண்டு. அளவை Large ஆக்கி, கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தை வைத்தால் வெளிச்சமான காட்சியிலும் வாசிக்க முடியும்.

ஆனால் யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் இந்த அமைப்புக்குக் கட்டுப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவற்றின் வசன வரி அளவை அந்தந்தச் செயலிக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். யூடியூபின் காணொளித் தலைப்புகள் அளவு மாறாமலே நிற்கும். டிகோடரின் அலைவரிசைப் பட்டியலும், செய்தியின் அடியில் ஓடும் வரியும் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை எழுத்தே அல்ல, படம். எத்தனை தடவை Text scaling ஐக் கூட்டினாலும் அவை அசையா. அம்மா "எழுத்துத் தெரியவில்லை" என்று சொன்னது எந்த எழுத்தை என்று கேட்டீர்களா? பெரியம்மாவிடம் கேட்டபோது, செய்தியின் அடியில் ஓடும் வரிதான் என்றார். நான் ஒரு மணி நேரம் பட்டியல் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த பிறகு!

அதற்காகப் படத்தையே பெரிதாக்கும் Zoom வகைப் படவடிவத்தைத் தெரிவு செய்ய வேண்டாம். அது படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் நடுவைப் பெரிதாக்குகிறது. வெட்டுப்படும் ஓரத்தில்தான் அந்த ஓடும் வரி இருக்கிறது.

மிஞ்சியது கதிரை. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். பெரியம்மாவின் கதிரை திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, சுவரோடு இருந்தது. பட்டியலின் சிறிய எழுத்தை அளவுகோலால் அளந்தேன், உயரம் சுமார் 6 மில்லிமீட்டர். அவருடைய பார்வை, கண்ணாடி போட்ட பின், 6/12. நல்ல கண் 12 மீட்டரில் வாசிக்கும் எழுத்தை அவர் 6 மீட்டரில் வாசிக்கிறார் என்று இதற்குப் பொருள். கண் அட்டையின் கணக்குப்படி நல்ல கண்ணுக்கு 3 மீட்டரில் 4.4 மில்லிமீட்டர் எழுத்துப் போதும். பெரியம்மாவுக்கு அதன் இருமடங்கு, ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் வேண்டும். திரையில் இருப்பதோ 6. தெரியாததில் வியப்பில்லை.

கதிரையை 2 மீட்டருக்கு இழுத்தால் அவருக்கு வேண்டிய அளவு 5.8 மில்லிமீட்டராகக் குறைகிறது. திரையில் இருக்கும் 6 அதற்கு ஒருவாறு ஈடாகிவிடுகிறது. அதாவது ஒரு மீட்டர் நகர்வு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குகிறது: பட்டியல், யூடியூப் தலைப்பு, டிகோடரின் அலைவரிசைப் பட்டியல், ஓடும் வரி எல்லாவற்றையும். அதற்கு மேல் Text scaling ஐக் கூட்டினால் பட்டியலை வசதியாகவே வாசிக்கலாம். அட்டைக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு உரியது. ணை, ஞூ போன்று கோடுகள் நெருங்கிய தமிழ் எழுத்துக்கு இன்னும் சற்றுப் பெரிது வேண்டும், ஆகவே கதிரையைத் தாராளமாகவே நகர்த்துங்கள். கிட்டப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று அப்பா சொல்வார். 43 அங்குலத் திரைக்கு 2 மீட்டர் கிட்டவே அல்ல. பத்திரிகை படிக்கும் கண்ணாடியோடு அவர்கள் தொலைக்காட்சி பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். அந்தக் கண்ணாடி 2 மீட்டரில் எல்லாவற்றையும் மங்கலாக்கும்.

பட்டியல் மொழியைத் தமிழாக்கலாமா என்று யோசிப்பீர்கள். சில பெட்டிகளின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் மாற்றிப் பாருங்கள். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தையும் பெரிதாக்கினால் பாதிச் சொல் வெட்டுப்பட்டுப் புள்ளிகளில் முடியும். அதைவிட, கொழும்பிலிருந்து தொலைபேசியில் வழி சொல்லப்போவது நீங்கள். நீங்கள் அறிந்த பெயரே அங்கே இருந்தால்தான் சொல்ல முடியும். அம்மா பட்டியலுக்குள் போகும் தேவையே இல்லாதபடி அமைத்துவிட்டால் அதன் மொழி பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. நான் ஆங்கிலத்திலேயே விட்டேன்.

உங்கள் இரண்டு நாளை இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் மாலையில் எல்லாவற்றையும் அமைத்து, ஒவ்வொரு பட்டியல் பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரிமோட்டையும் சேர்த்து. இரண்டாம் நாள் ரிமோட்டைத் தொடாதீர்கள். அம்மா போடட்டும், அப்பா அலைவரிசை மாற்றட்டும், நீங்கள் பின்னால் இருந்து பாருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அங்கே மட்டும் திருத்துங்கள். பெரியம்மா வீட்டில் அப்படிப் பார்த்தபோது யூடியூபிலிருந்து செய்திக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் தடுமாறினார். உள்ளீட்டுப் பொத்தானின் மேல் நகப்பூச்சு ஒரு துளி வைத்து உலரவிட்டேன், விரலுக்குத் தட்டுப்படும்படி. திரையின் அடியில் ஒரு அட்டையும் ஒட்டியிருக்கிறேன், தடித்த கறுப்பு எழுத்தில் இரண்டே வரி: "செய்தி: மேடான பொத்தான், பிறகு OK. குழப்பம்: அணைத்துவிட்டுப் போடு."